84 பேப்பர், ஒரு ஒப்பீட்டு ஷீட், ஆறு வாரத்தில் காம்ப்ரிஹென்சிவ் வைவா: எங்கே தப்பு செய்கிறேன்?

பாலக்கோட்டான்

வணக்கம். நிலத்தடி நீரில் இருந்து ஃபுளோரைடை எடுப்பது பற்றி பிஎச்டி செய்கிறேன். ஊர் பாலக்கோடு பக்கம். இந்தத் தலைப்பை ஏன் எடுத்தாய் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை, எங்கள் பெரியப்பா சிரித்தால் போதும், பல்லே சொல்லிவிடும்.

கைடு கொடுத்த லிஸ்டில் 84 பேப்பர். முதலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். 31 எழுதி முடித்தபோது முதல் பத்தில் என்ன இருந்தது என்றே நினைவில்லை. சரி என்று எக்செலுக்கு மாறினேன். ஆசிரியர், வருடம், ஃபுளோரைடைப் பிடிக்கும் பொருள், பிஹெச், ஒரு கிராம் பொருள் பிடிக்கும் கொள்ளளவு, முடிவு என்று நெடுவரிசைகள் போட்டு, கொள்ளளவை வைத்துப் பெரியதில் இருந்து சிறியதாக வரிசைப்படுத்தினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

போன வெள்ளிக்கிழமை ஒத்திகை வைவா. கைடு இரண்டே கேள்வி கேட்டார். "உன் லிஸ்டில் முதலில் நிற்கும் பொருளை ஒரு கிலோ எடுத்து பென்னாகரத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் எத்தனை நாள் வரும்?" பதில் இல்லை. "ஆக்டிவேட்டட் அலுமினாவுக்கு மட்டும் மூன்று எண் வைத்திருக்கிறாயே, இதில் எது சரி?" அதற்கும் பதில் இல்லை. 84 பேப்பரும் படித்தவன்தான் நான், ஆனால் படிக்காதவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இந்தத் தேர்வு எழுதியவர்கள் ஷீட்டை எப்படிப் போட்டீர்கள்?

மாந்தோப்பு

தம்பி, நாங்கள் காரிமங்கலம் பக்கம். போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறது என்று சொல்கிறார்கள். 84 படித்திருக்கிறீர்கள், எந்த ஃபில்டர் வாங்கலாம் என்று ஒரே வரியில் சொன்னால் நன்றாக இருக்கும். ஓகேனக்கல் தண்ணீர் வருகிறது, ஆனால் தினமும் வருவதில்லை. அம்மா கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை

கேள்வி எளிது. கொள்ளளவை நம்பாதீர்கள், அது ஆளுக்கு ஆள் மாறும். எத்தனை சதவீதம் நீக்கியது, எவ்வளவு பொருள் போட்டார்கள் என்பதை மட்டும் எடுங்கள். உதாரணமாக, லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்த தண்ணீரில் ஒருவர் லிட்டருக்கு 10 கிராம் பொருள் போட்டு 95 சதவீதம் எடுத்தார் என்று வையுங்கள். இன்னொருவர் அரை கிராம்தான் போட்டார், 60 சதவீதம் எடுத்தார். சதவீதம் மட்டும் பார்த்தால் முதல் ஆள் ஜெயித்தார். வகுத்துப் பாருங்கள்: முதல் ஆளுக்குக் கிராமுக்கு 0.475, இரண்டாம் ஆளுக்கு 6. அப்புறம் விலைக்கு ஒரு மதிப்பெண், மறுபடி பயன்படுத்த முடிவதற்கு ஒரு மதிப்பெண் கொடுத்துக் கூட்டி சராசரி போட்டால் ரேங்க் வந்துவிடும். நான் எம்பிஏ ப்ராஜெக்டில் இப்படித்தான் செய்தேன்.

நீலவேணி

கணக்குப்பிள்ளை சார், பாதி வரை சரியாக வந்தீர்கள். சதவீதத்தை நம்பக் கூடாது, பொருளின் அளவால் வகுக்க வேண்டும் என்பது சரி. ஆனால் உங்கள் முதல் ஆளின் தண்ணீரில் மிச்சம் 0.25, இரண்டாம் ஆளின் தண்ணீரில் மிச்சம் 2. அந்த இரண்டாவது தண்ணீரைக் குடிக்கவே கூடாது, இந்தியத் தரத்திலேயே அதிகபட்சம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான். தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாக மிஞ்சியிருக்கும் நிலையில் எந்தப் பொருளும் கிராமுக்கு அதிகமாகப் பிடிக்கும். கடைசிச் சொட்டைப் பிடிப்பதுதான் கஷ்டம். அதனால் 0.475-ஐயும் 6-ஐயும் பக்கத்தில் வைக்க முடியாது. மதிப்பெண் கூட்டுவது வேண்டவே வேண்டாம், 'ஏன் இதற்கு மூன்று, அதற்கு நான்கு' என்று ஒரு எக்ஸாமினர் கேட்டால் முடிந்தது கதை.

பாலக்கோட்டான் தம்பி, நான் நான்கு வருடம் முன்னால் இதே வைவா எழுதினேன், என் லிஸ்ட் 60 சொச்சம். உங்கள் ஷீட்டில் கோளாறு அந்தக் கொள்ளளவு நெடுவரிசையில்தான். பேப்பரின் சுருக்கத்தில் போடும் எண் பெரும்பாலும் லேங்மூர் சமன்பாட்டில் இருந்து வரும் உச்சக் கொள்ளளவு, அதாவது தண்ணீரில் ஃபுளோரைடு எக்கச்சக்கமாக இருந்தால் அந்தப் பொருள் எட்டக்கூடிய எல்லை. நம் ஊர் போரில் 3, 4 இருக்கும், குடிக்கும்போது 1.5-க்குக் கீழே வர வேண்டும். அந்த எல்லைக்கு நாம் போகவே மாட்டோம்.

இரண்டு கற்பனைப் பேப்பர் எடுக்கிறேன், எண்கள் கணக்குக்காக நானே போட்டவை. முதல் பேப்பரில் உச்சக் கொள்ளளவு கிராமுக்கு 40 மில்லிகிராம், லேங்மூர் மாறிலி, அதாவது ஃபுளோரைடு கொஞ்சமாக இருந்தாலும் பொருள் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்று சொல்லும் எண், 0.02. இரண்டாவதில் உச்சம் வெறும் 8, மாறிலி 0.5. உங்கள் ஷீட்டில் முதலாவது மேலே போயிருக்கும். இப்போது B நெடுவரிசையில் உச்சத்தையும் C-யில் மாறிலியையும் வைத்து, 1.5-இல் எவ்வளவு பிடிக்கும் என்று கேளுங்கள்:

```
=B2*C2*1.5/(1+C2*1.5)
```

முதலாவது 1.17. இரண்டாவது 3.43. வரிசை தலைகீழ்.

கைடின் முதல் கேள்விக்கும் இதில் இருந்தே பதில் வரும். வீட்டில் ஒரு வாளியில் ஒரு கிலோ பொருளைப் போட்டுத் தினமும் 20 லிட்டர் கலக்கி எடுக்கிறார்கள், ஒவ்வொரு லிட்டரில் இருந்தும் சராசரியாக 3 மில்லிகிராம் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கத்தில் இருந்த 40-ஐ நம்பினால் 660 நாளுக்கு மேல் வரும், கிட்டத்தட்ட இரண்டு வருடம். 1.17-ஐ வைத்துப் பார்த்தால் இருபது நாள்கூட வராது. இரண்டாவது பொருள் 57 நாள். இதை வைவாவில் போர்டில் எழுதிக் காட்டினால் போதும், யாரும் உங்களை மனப்பாடக்காரன் என்று சொல்ல மாட்டார்கள்.

அலுமினா மூன்று எண் விஷயம்: மூன்றுமே சரியாக இருக்கலாம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பிஹெச் என்ன, தண்ணீர் எது, ஆரம்பத்தில் எவ்வளவு ஃபுளோரைடு என்று எழுதுங்கள். அலுமினா 5.5, 6 பக்கம்தான் நன்றாகப் பிடிக்கும். 8-க்கு மேலே போனால் பரப்பில் ஹைட்ராக்சைடு போட்டிக்கு வந்துவிடும். நம் கிணற்றுத் தண்ணீர் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

அரூர் கல்வெட்டு

நான் வேதியியல் ஆள் இல்லை, வரலாறு. நடுகற்கள் பற்றித்தான் என் ஆய்வு. ஆனால் ஷீட் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றியது. எனக்கு 70 கட்டுரை, எல்லாக் கல்லையும் ஒரு ஷீட்டில் போட்டேன். இந்தக் காலகட்டத்துக் கற்கள் நிறைய இருக்கின்றன என்று எண்ணிக்கையோடு எழுதியும் விட்டேன். அப்புறம் ஒருநாள் பார்த்தால், ஒரே கல் மூன்று வரியில் இருக்கிறது. ஒருவர் கல் நின்ற ஊர் பெயரைப் போட்டார், ஒருவர் பக்கத்துப் பெரிய ஊரைப் போட்டார், மூன்றாமவர் கல்லை எடுத்து வைத்திருக்கும் இடத்தைப் போட்டார். அளவும் எழுத்தின் முதல் வரியும் ஒன்றாக இருந்ததால்தான் கண்டுபிடித்தேன். உங்கள் துறையில் அப்படி வராது என்று நினைக்கிறேன், ஒரு பொருள் ஒரு பொருள்தானே?

நீலவேணி

வரும் மேடம், ரொம்பவே வரும். ஒரே ஆய்வகம் ஒரே பொருளை முதலில் கருத்தரங்கில் போடும், பிறகு இதழில் போடும், மூன்றாவதாக மறுசுழற்சி என்று இன்னொரு தலைப்பில் போடும். ஷீட்டில் மூன்று வரி, ஆனால் சோதனை ஒன்றுதான். இதைவிடப் பெரிய தொல்லை ரிவ்யூ கட்டுரைகள். ஒரு ரிவ்யூவின் அட்டவணையில் இருந்த எண்ணை இன்னொரு ரிவ்யூ எடுக்கும், அதை மூன்றாவது எடுக்கும். நான் ஒரு எண்ணைத் துரத்திக்கொண்டு போனேன். கடைசியில் மூலக் கட்டுரையில் 0.5 மில்லிமோல் என்று இருந்தது. நடுவில் யாரோ 0.5 மில்லிகிராம் என்று எழுதிவிட்டார்கள். ஃபுளோரினின் அணு எடை 19, அப்படியென்றால் அது 9.5 மில்லிகிராம். பத்தொன்பது மடங்கு வித்தியாசம், அந்தப் பாவப்பட்ட பொருள் இரண்டு ரிவ்யூவில் கடைசி இடத்தில் கிடந்தது.

அதனால் தம்பி, ஒவ்வொரு எண்ணுக்கும் எந்தப் பக்கம், எந்த அட்டவணை, எந்தப் படம் என்று பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள். ரிவ்யூவில் இருந்து எடுத்த எண் என்றால் வேறு நிறம். வைவாவுக்கு முன்னால் அந்த நிறம் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

பாலக்கோட்டான்

அக்கா, ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். என் ஷீட்டில் பொருள் பற்றிய வரிகள் 52. அதில் 17 எண் ரிவ்யூவில் இருந்து அப்படியே எடுத்தது. அசிங்கமாக இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் வந்தது. பைகார்பனேட் இருந்தால் கொள்ளளவு குறைகிறதா என்று ஒரு நெடுவரிசை வைத்திருந்தேன். நிறைய கட்டம் காலி. இப்போது பார்க்கும்போது, அந்தப் பேப்பர் அதைச் சோதிக்கவில்லையா, சோதித்தும் மாற்றம் எதுவும் வரவில்லையா, இல்லை நான்தான் தூக்கத்தில் படிக்காமல் விட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

நீலவேணி

காலிக் கட்டம் இருக்கவே கூடாது. நான் மூன்று சொல் வைத்திருந்தேன்: 'சோதிக்கவில்லை', 'மாற்றமில்லை', 'பார்க்கணும்'. முதல் சொல்தான் உங்கள் தங்கச் சுரங்கம். வடித்த நீரில் சோடியம் ஃபுளோரைடைக் கரைத்துச் செய்த சோதனை எத்தனை, பைகார்பனேட் இருக்கும் தண்ணீரில் செய்தது எத்தனை என்று எண்ணுங்கள். நம் பாறைப் பகுதித் தண்ணீரில் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் பைகார்பனேட் சாதாரணம், அதோடு கால்சியம் குறைவாக இருப்பதால்தான் ஃபுளோரைடு கரைந்தே நிற்கிறது. அதாவது எங்கே ஃபுளோரைடு அதிகமோ அங்கே அதன் போட்டியாளரும் கூடவே இருக்கும். வடித்த நீர்ச் சோதனை இந்த ஜோடியைப் பிரித்துவிட்டு ஒன்றை மட்டும் பார்க்கிறது.

இன்னொன்று. முதலில் படித்த பத்துப் பேப்பரை, பழைய ஷீட்டைப் பார்க்காமல், மறுபடி நிரப்புங்கள். எனக்கு 'உண்மையான தண்ணீரா' என்ற ஒரே கேள்விக்கு பத்தில் மூன்று மாறி வந்தது. முதல் தடவை, குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடைச் சேர்த்ததை 'ஆம்' என்று போட்டிருந்தேன். இரண்டாம் தடவை அதையே 'இல்லை' என்று போட்டேன். கோளாறு பேப்பரில் இல்லை, என் கேள்வி தெளிவாக இல்லை. அதை இரண்டாகப் பிரித்த பிறகுதான் சரியானது.

பழைய லேப்

நான் தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். நீலவேணி சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. 1.5-இல் கணக்குப் போடுவது வாளியில் கலக்கும் முறைக்குச் சரி, அங்கே பொருள் கடைசியில் பார்ப்பது 1.5 உள்ள தண்ணீரைத்தான். ஆனால் குழாயில் பொருளை நிரப்பித் தண்ணீரை ஓடவிட்டால், தண்ணீர் நுழையும் பக்கத்தில் இருக்கும் பொருள் எப்போதும் 4 உள்ள தண்ணீரைத்தான் பார்க்கும். அங்கே 4-ஐ வைத்துக் கணக்குப் போட வேண்டும். நீலவேணி அம்மாவின் எண்களையே எடுத்தால் முதல் பொருளுக்கு 2.96, இரண்டாவதுக்கு 5.33. வரிசை மாறவில்லை, ஆனால் கிட்டத்தட்ட மூன்று மடங்காக இருந்த வித்தியாசம் இரண்டு மடங்குக்கும் கீழே சுருங்கிவிட்டது. எல்லாப் பேப்பருக்கும் 1.5 போட்டு ரேங்க் பண்ணினால், குழாய்க்கு நல்லதாக இருக்கும் பொருளைத் தப்பாகத் தள்ளிவிடலாம்.

அப்புறம் அளவிட்ட முறைக்கும் ஒரு நெடுவரிசை வையுங்கள். அலுமினியம் உள்ள பொருளில் இருந்து கொஞ்சம் அலுமினியம் தண்ணீரில் இறங்கும். அது ஃபுளோரைடைக் கட்டிக்கொள்ளும். மின்முனை வைத்து அளக்கும்போது அந்தக் கட்டை உடைக்க டிசாப் கரைசல் போட வேண்டும், அதுவும் போதுமான பலத்தில். போடாவிட்டால் மீட்டர் குறைவாகக் காட்டும், நாம் பொருள் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்படுவோம், ஃபுளோரைடு தண்ணீரிலேயே இருக்கும். நிறம் பார்த்து அளக்கும் முறையிலும் அலுமினியம் குறைத்துத்தான் காட்டும். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு படிகார முறை யூனிட்டின் மாதிரிகளுக்கு இரண்டு மாதம் இப்படித் தப்பு ரிப்போர்ட் கொடுத்திருக்கிறேன், இன்னும் மனசில் உறுத்துகிறது.

நீலவேணி

ஐயா சொல்வது சரிதான், குழாய் விஷயத்தை நான் விட்டுவிட்டேன். இரண்டு நெடுவரிசை போடலாம். ஆனால் குழாயில் 5.33-உம் முழுதாகக் கிடைக்காது, தண்ணீர் வேகமாக ஓடினால் பொருள் நிரம்பும் முன்பே மறுபக்கம் ஃபுளோரைடு எட்டிப் பார்த்துவிடும். அதனால் அந்த எண்ணை 'அதிகபட்சம்' என்றுதான் எழுத வேண்டும். குழாய்ச் சோதனை செய்தே எண் கொடுத்த பேப்பர் இருந்தால் அதை இந்தக் கணக்கோடு கலக்காமல் தனியாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

பழைய லேப்

தனியாக வைத்தால் ஒப்பிடவே எதுவும் இருக்காது அம்மா. குழாய்ச் சோதனை செய்தவர்கள் சொற்பம். அந்தச் சொற்பத்தை இதே ஷீட்டில் வைத்து, கணக்குக்கும் நிஜத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பார்ப்பதில்தானே விஷயமே இருக்கிறது?

கணக்குப்பிள்ளை

சரி, மதிப்பெண் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் லேங்மூர் மாறிலி கொடுக்காத பேப்பரை என்ன செய்வீர்கள்? தூக்கிப் போட்டுவிடுவீர்களா?

பாலக்கோட்டான்

அதைத்தான் கேட்க வந்தேன் சார். ஒரு வாரம் உட்கார்ந்தேன், தர்மபுரி நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசையைப் பிடித்துவைத்து. 52 வரி இப்போது 38. ஒரே சோதனையை மறுபடி சொன்னவற்றைச் சேர்த்துவிட்டேன். 38-இல் உச்சம், மாறிலி இரண்டும் கொடுத்தது 22. அதில் 9 பேப்பரில் ஒரு சிக்கல்: அவர்கள் ஆரம்பித்ததே லிட்டருக்கு 20, 30 மில்லிகிராமில், சோதனை முடிவில் மிஞ்சியது எதுவும் 5-க்குக் கீழே வரவில்லை. அங்கே 1.5-க்கு நான் போடும் எண் வெறும் நீட்டிப்பு, அவர்கள் பார்க்காத இடம். அவற்றுக்கு அடைப்புக்குறி போட்டு வைத்திருக்கிறேன். மாறிலி இல்லாத 16-இல் பதினொன்றில் வரைபடம் இருக்கிறது. WebPlotDigitizer வைத்து புள்ளிகளை எடுத்து நானே பொருத்திப் பார்க்கலாம். கைடு 'மற்றவர் படத்தில் இருந்து நீ எடுத்த எண்ணை எக்ஸாமினர் முன்னால் வைக்காதே' என்கிறார்.

நீலவேணி

நான் வைத்தேன், 'படத்தில் இருந்து எடுத்தது' என்று எழுதி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மாறிலி கொடுத்த இரண்டு பேப்பரின் படத்தையும் முதலில் எடுத்து, நான் எடுத்த எண்ணும் அவர்கள் எண்ணும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டினேன். அச்சு மடக்கை அளவா, நேர் அளவா என்பதை மட்டும் இரண்டு தடவை பாருங்கள், நான் அதில் ஒரு தடவை விழுந்தேன். உங்கள் கைடு ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம், அதை நான் சொல்ல முடியாது.

அரூர் கல்வெட்டு

ஒரு சின்ன சந்தேகம். இவ்வளவு பெரிய ஷீட்டை வைவா அறைக்குள் எடுத்துப்போக விடுவார்களா?

பாலக்கோட்டான்

இல்லை மேடம். அதனால் ஷீட்டைக் கேள்வி வாரியாக உடைத்துவிட்டேன். 'ஏன் இந்த எண்கள் ஒத்துப்போகவில்லை' என்று ஒரு ஷீட், 'நம் தண்ணீரில் என்ன குறையும்' என்று ஒன்று, 'பொருள் நிரம்பிய பிறகு என்ன செய்வது' என்று ஒன்று. ஒவ்வொன்றிலும் ஆறேழு பேப்பர்தான், மற்றவை முழு ஷீட்டில் தூங்கட்டும். கீழே நானே மூன்று வரி கையால் எழுதுகிறேன், அதைத்தான் மனதில் வைத்துக்கொண்டு போவேன். அலுமினா ஷீட்டில் எழுதியது இது: மூன்று எண்ணில் மிகப் பெரியது பிஹெச் 5.5-இல் வடித்த நீரில் வந்தது, மிகச் சிறியது கிணற்று நீரில் பிஹெச் 8-இல் வந்தது, நடுவில் இருப்பது எப்படி அளந்தார்கள் என்று எழுதவில்லை, அதை நம்ப மாட்டேன்.

மாந்தோப்பு

எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பழைய லேப்

மன்னிக்கணும். முதலில் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள், அதற்கு முன் எதையும் வாங்காதீர்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் ஆவியாகி இன்னும் கொஞ்சம் கெட்டியாகத்தான் ஆகும். கரி ஃபில்டர் மட்டும் இருக்கும் மெஷின் இதற்கு உதவாது. ஆர்ஓ குறைக்கும். ஓகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்து, குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க இருக்கட்டும்.

மாந்தோப்பு

நன்றிங்க. அம்மாவிடம் சொல்கிறேன், நம்ப மாட்டார்கள். தம்பி பாலக்கோட்டான், உண்மையான தண்ணீர் வேண்டும் என்று பேசிக்கொண்டீர்களே, எங்கள் போரில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோட்டான்

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறேன், வரும்போது வந்து வாங்கிக்கொள்கிறேன். மோட்டார் போட்டதும் வரும் முதல் தண்ணீர் வேண்டாம், பத்து நிமிடம் ஓடட்டும். கண்ணாடி பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக் கேன்தான். அதே தண்ணீரில் இரண்டு தடவை அலசிவிட்டு நிரப்பி மூடி வையுங்கள், இரண்டு லிட்டர் போதும்.